அம்லோடிபினுடன் கிளாரித்ரோமைசின்: ரத்த அழுத்தம் 92/58 ஆகிவிட்டது, என்ன செய்வது?

கேட்பவர் (மகள்):
என் தந்தைக்கு 74 வயது. பல ஆண்டுகளாகக் காலையில் அம்லோடிபின் 10 மி.கி. எடுத்து வருகிறார், அழுத்தம் 130/80-ஐ ஒட்டியே இருக்கும். வயிற்றுப் புண்ணை உண்டாக்கிய ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்காக 14 நாட்களுக்குக் கிளாரித்ரோமைசின் 500 மி.கி. இரு வேளையும், அத்துடன் அமாக்சிசிலினும் பான்டோபிரசோலும் எழுதித் தந்தார்கள். நான்காம் நாளிலிருந்து எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது, கணுக்கால் வீங்கியிருக்கிறது. இன்று காலை அழுத்தம் 92/58. முதல் மூன்று நாட்கள் நன்றாக இருந்தாரே, இது மருந்தினால்தானா?

வாசகர்:
மருந்துகள் மோதிக்கொள்கின்றன என்பது உண்மை. ஒன்றைக் காலையிலும் மற்றதை நான்கு மணி நேரம் கழித்தும் கொடுத்தால் சரியாகிவிடும்.

மருந்தாளுநர்:
மோதல் உண்மை, ஆனால் இடைவெளி விடுவது இங்கே பயன்படாது. அம்லோடிபினைக் கல்லீரலில் சிதைப்பது சிஒய்பி3ஏ4 என்னும் நொதி. கிளாரித்ரோமைசின் அந்த நொதியையே முடக்கிவிடுவதால், மாத்திரைகளை எந்த நேரத்தில் விழுங்கினாலும் விளைவு ஒன்றுதான். அம்லோடிபின் பாதியளவு வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். சிதைவு தடைபட்டால் அது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. நான்காம் நாளில் தலைசுற்றல் தொடங்கியது இதனோடு பொருந்துகிறது.

இன்றே மருந்து எழுதிய மருத்துவரிடம் இந்த அளவைச் சொல்லுங்கள். அடுத்த அம்லோடிபினைக் கொடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். மயக்கம், மார்பு வலி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், இவ்வகை அழுத்த மருந்துகளுடன் அதே குடும்பத்து நுண்ணுயிர்க்கொல்லியான அசித்ரோமைசின் எடுத்தவர்களைவிடக் கிளாரித்ரோமைசின் எடுத்தவர்களே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பால் அதிகமாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

இன்னொருவர்:
எனக்குப் படர்தாமரைக்காக இட்ராகொனசோல் ஒரு மாதம் கொடுத்தார்கள். நானும் அம்லோடிபின் எடுப்பவன். கால் வீங்கியபோது உப்பைக் குறைத்துப் பார்த்தேன், வீக்கம் வடியவில்லை. அதுவும் இதுதானா?

மருந்தாளுநர்:
இருக்கலாம். இட்ராகொனசோலும் அதே நொதியைத்தான் அடைக்கிறது. ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு அது தனியாகவும் வீக்கத்தை உண்டாக்கும் என்பதால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதே படர்தாமரைக்குத் தரப்படும் டெர்பினாபின் இந்த நொதியைத் தடுப்பதில்லை.

கேட்பவர்:
அப்படியானால் கிளாரித்ரோமைசினுக்குப் பதில் அசித்ரோமைசின் கேட்கலாமா?

மருந்தாளுநர்:
தொண்டை, நுரையீரல் தொற்றென்றால் அப்படிக் கேட்கலாம். இந்தக் கிருமிக்கு அது வழக்கமான மாற்று அன்று. பிஸ்மத் சேர்ந்த வேறு மருந்துத் தொகுப்பு உண்டு. அதைத் தேர்வது மருத்துவர் கையில்.

கேட்பவர்:
மருத்துவர் அம்லோடிபினை நிறுத்திவைத்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மாலையில் அழுத்தம் 98/60. கிளாரித்ரோமைசினைத் தொடர்வதா என்பதை ரத்த முடிவைப் பார்த்துச் சொல்வதாகக் கூறினார்.

மருந்தாளுநர்:
அம்லோடிபின் மெதுவாகவே இறங்கும் என்பதால் ஓரிரு நாட்களுக்கு அழுத்தம் தாழ்ந்தே இருக்கலாம். காலையிலும் மாலையிலும், உட்கார்ந்தும் நின்றும் அளந்து எழுதிவையுங்கள். மீண்டும் எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்பதை அந்தக் குறிப்பை வைத்துத்தான் அவர் சொல்ல முடியும்.