கேஷ் ஃப்ளோ 64 வித்தியாசம் வருகிறது: இயந்திரம் விற்ற பணமும் கட்டிய வட்டியும் எங்கே போக வேண்டும்?

புதுவரவு:
வணக்கம். ஒரு உற்பத்தி நிறுவனத்தின் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மெண்டை மறைமுக முறையில், IAS 7 படி தயாரிக்கிறேன். எல்லாத் தொகையும் ஆயிரத்தில். ரொக்கமும் வங்கி இருப்பும் ஆண்டுத் தொடக்கத்தில் 121, முடிவில் 420. ஆக 299 கூடியிருக்க வேண்டும். எனக்கு 363 வருகிறது.

நான் போட்டது இப்படி. வரிக்கு முந்தைய லாபம் 400, அதோடு தேய்மானம் 110, வட்டிச் செலவு 84 கூட்டினேன். கடனாளிகள் 60 கூடியதால் கழித்தேன். சரக்கிருப்பு 25 குறைந்தது, கடனீந்தோர் 30 கூடியது, கொடுபட வேண்டிய வட்டி 14 கூடியது, இவை மூன்றையும் கூட்டினேன். கட்டிய வரி 90 போக ஆபரேட்டிங் 513.

இன்வெஸ்டிங்கில் புது இயந்திரம் வாங்கியது 350 வெளியே, பழையதை விற்றது 230 உள்ளே. நிகரம் மைனஸ் 120.

ஃபைனான்சிங்கில் புதுக் கடன் 200 உள்ளே. கடன் திருப்பியது 120, கட்டிய வட்டி 70, டிவிடெண்ட் 40 வெளியே. நிகரம் மைனஸ் 30.

விற்ற இயந்திரத்தின் அடக்கம் 500, சேர்ந்த தேய்மானம் 320. வட்டிச் செலவு 84-இல் 70 மட்டும்தான் பணமாகக் கட்டப்பட்டது. 64 எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை.

வரவுசெலவு:
இயந்திரத்தின் புத்தக மதிப்பு 180, விற்றது 230. 50 லாபம் ஏற்கெனவே உங்கள் 400-க்குள் இருக்கிறது. அப்புறம் 230-ஐ முழுசாக இன்வெஸ்டிங்கில் காட்டினால் அந்த 50 இரண்டு தடவை வந்துவிடுகிறது. அதனால் இன்வெஸ்டிங்கில் 230-க்குப் பதில் 180 போடுங்கள். 50 லாபத்தில் அப்படியே இருக்கட்டும். 64-இல் 50 போய்விடும்.

ஐந்தொகை:
50 இரண்டு தடவை வருகிறது என்று கண்டுபிடித்தது சரி. ஆனால் சரிசெய்த இடம் தப்பு. 180-ஐ இன்வெஸ்டிங்கில் போட்டால் கூட்டுத்தொகை டேலி ஆகும், ஸ்டேட்மெண்ட் தப்பாகவே இருக்கும். 180 என்ற தொகை எந்த வங்கிக் கணக்கிலும் வந்ததில்லை. வாங்கியவர் கொடுத்தது 230. இன்வெஸ்டிங்கில் அந்த 230-தான் நிற்க வேண்டும். 50-ஐ ஆபரேட்டிங்கில் லாபத்திலிருந்து கழிக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரம் விற்றதில் வந்த 50, பொருள் விற்றுச் சம்பாதித்தது போல ஆபரேட்டிங்கில் உட்கார்ந்துவிடும். கடன் கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். அடுத்த வருடம் விற்க இயந்திரம் இருக்காது, அந்த 50-உம் வராது.

நஷ்டத்தில் விற்றாலும் இதே வழிதான். 150-க்கு விற்றிருந்தால் 30 நஷ்டத்தை ஆபரேட்டிங்கில் திரும்பக் கூட்டி, இன்வெஸ்டிங்கில் 150 காட்ட வேண்டும்.

மீதி 14 வட்டியில் இருக்கிறது. வட்டிச் செலவு 84-ஐ நீங்கள் மொத்தமாகத் திரும்பக் கூட்டிவிட்டீர்கள். அதாவது வட்டியே இல்லாதது போல ஆபரேட்டிங்கைச் சுத்தம் செய்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு, கொடுபட வேண்டிய வட்டி கூடிய 14-க்கு அங்கே வேலை இல்லை. கட்டிய 70 ஃபைனான்சிங்கில் வந்துவிட்டது, வட்டியின் கதை அங்கேயே முடிந்தது. வட்டியை ஆபரேட்டிங்கிலேயே காட்டும் நிறுவனமாக இருந்தால் 84-ஐக் கூட்டாமல் விட்டு, 14-ஐ மட்டும் கூட்டலாம். 84-இல் 14 போக, கட்டிய 70 தானாக வந்துவிடும். நீங்கள் ஒரு வழியில் பாதியும் இன்னொரு வழியில் பாதியும் எடுத்திருக்கிறீர்கள்.

கொடுபட வேண்டிய வட்டியின் லெட்ஜரைத் திறந்து பாருங்கள். ஆரம்ப இருப்போடு 84 சேர்த்து 70 கழித்தால் முடிவு இருப்பு வர வேண்டும். வந்தால் 70 நம்பகமான தொகை. வராவிட்டால் வட்டி வேறு எங்கோ பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம்.

புதுவரவு:
மிக்க நன்றி சார். ஆரம்பத்தில் 10, முடிவில் 24, சரியாக வருகிறது. 50-ஐக் கழித்து, 14-ஐ எடுத்தேன். ஆபரேட்டிங் 449, இன்வெஸ்டிங் மைனஸ் 120, ஃபைனான்சிங் மைனஸ் 30. மொத்தம் 299. டேலி ஆகிவிட்டது!

பயணவண்டி:
இதே பிரச்சினைதான் எனக்கும். நாங்கள் வண்டிகளை வாடகைக்கு விடுகிறோம், இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்றுவிடுவோம். ஒவ்வொரு மாதமும் சில வண்டிகள் விற்பனையாகும். அப்படியானால் எங்களுக்கும் விற்ற பணம் இன்வெஸ்டிங்கில், லாபத்தை மட்டும் கழித்தால் போதும், சரிதானே?

ஐந்தொகை:
உங்கள் விஷயம் வேறு. புதுவரவு விற்றது எப்போதோ ஒருமுறை கைமாற்றும் இயந்திரம். நீங்கள் வாடகைக்கு வைத்திருந்த வண்டியை வழக்கமாக விற்கிறீர்கள். உங்கள் தொழிலின் சுழற்சியே அதுதான். IAS 7 படி அந்த விற்பனைப் பணம் ஆபரேட்டிங். இதில் பலர் விட்டுவிடுவது, அந்த வண்டிகளை வாங்கக் கொடுத்த பணமும் ஆபரேட்டிங்தான் என்பது. விற்பனையை மேலே வைத்துவிட்டு வாங்கியதை இன்வெஸ்டிங்கில் தள்ளினால் ஆபரேட்டிங் அநியாயத்துக்குக் கொழுத்துத் தெரியும். உங்கள் அலுவலகக் கணினி, மேசை, நாற்காலி விற்றால் அது மட்டும் பழையபடி இன்வெஸ்டிங்.

புதுவரவு, உங்களுக்கு இன்னொன்று. டேலி ஆனதால் முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். மூன்று பிரிவுகளுக்கு இடையில் தொகை இடம் மாறி நின்றால் மொத்தத்தில் அது தெரியவே தெரியாது. இயந்திரம் வாங்கியது 350 என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள்? வங்கிப் புத்தகத்திலிருந்தா, நிலைச்சொத்து அட்டவணையிலிருந்தா?

புதுவரவு:
நிலைச்சொத்து அட்டவணையில் இந்த வருடச் சேர்க்கை என்று இருந்தது, அதைத்தான் எடுத்தேன். வங்கியில் பார்த்தேன், 305 மட்டும் போயிருக்கிறது. 45 அந்த இயந்திரம் கொடுத்தவருக்கு இன்னும் தர வேண்டும். அவர் பெயர் கடனீந்தோர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மொத்தம் டேலி ஆகிறதே?

ஐந்தொகை:
அதனால்தான் கேட்டேன். கட்டாத 45 இன்வெஸ்டிங்கில் வெளியே போனதாக நிற்கிறது. அதே 45, கடனீந்தோர் கூடிய 30-க்குள் புகுந்து ஆபரேட்டிங்கில் உள்ளே வந்ததாக நிற்கிறது. ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் 299 அசையவில்லை. இயந்திரக்காரரை விலக்கிப் பார்த்தால் சரக்குக் கடனீந்தோர் உண்மையில் 15 குறைந்திருக்கிறது. கூட்டிய 30-ஐ எடுத்துவிட்டு 15-ஐக் கழியுங்கள். ஆபரேட்டிங் 404, இன்வெஸ்டிங் மைனஸ் 75, ஃபைனான்சிங் மைனஸ் 30. மொத்தம் அதே 299.

படிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். முதலில் பார்த்தால் சரக்கு கொடுத்தவர்களை இழுத்தடித்து 30 மிச்சம் பிடித்த நிறுவனம் போலத் தெரிந்தது. உண்மையில் அவர்களுக்கு 15 கூடுதலாகவே தீர்த்திருக்கிறது. அந்த 45-ஐ அடுத்த வருடம் கட்டும்போது இன்வெஸ்டிங்கில் காட்டுங்கள். பணமில்லாமல் வாங்கிய பகுதி இவ்வளவு என்று குறிப்பிலும் எழுதிவிடுங்கள்.

வரவுசெலவு:
இது நல்ல விஷயம், நானும் எங்கள் பட்டியலைப் பார்க்கிறேன். ஆனால் வட்டியில் எனக்கு உடன்பாடில்லை. வட்டி லாப நட்டக் கணக்கில் வரும் செலவு. அதனால் கட்டிய வட்டி எப்போதும் ஆபரேட்டிங்தான். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்புவோம், அங்கே ஃபைனான்சிங்கில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஐந்தொகை:
அமெரிக்க விதிப்படி நீங்கள் சொல்வது சரி, அங்கே கட்டிய வட்டி ஆபரேட்டிங்தான். “எப்போதும்” என்பதுதான் நிற்காது. IAS 7 இப்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுகிறது. எதை எடுத்தாலும் வருடா வருடம் அதையே பின்பற்ற வேண்டும். இந்த நிறுவனம் வட்டியை மேலே கொண்டுபோனால் ஆபரேட்டிங் 404-லிருந்து 334 ஆகிவிடும். அதே நிறுவனம், அதே பணம். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுபவர் வட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஒப்பிட்டால் ஏமாந்துபோவார்.

இந்தத் தேர்வும் நிலைக்கப்போவதில்லை. 2027 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு தொடங்கும் ஆண்டுகளுக்கு IFRS 18 வருகிறது, அதோடு IAS 7-உம் திருத்தப்படுகிறது. வங்கி போன்றவை தவிர, சாதாரண நிறுவனங்களுக்குக் கட்டிய வட்டி ஃபைனான்சிங், பெற்ற வட்டியும் டிவிடெண்டும் இன்வெஸ்டிங் என்று நிலையாகிவிடும். மறைமுக முறையும் வரிக்கு முந்தைய லாபத்திலிருந்து இல்லாமல் இயக்க லாபத்திலிருந்து தொடங்கும். ஒப்பீட்டு ஆண்டையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும், அதனால் புதுவரவு இந்த வருடத்தின் வட்டி விவரங்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

புதுவரவு:
போன வருட ஸ்டேட்மெண்டிலும் ஃபைனான்சிங்தான் இருக்கிறது சார், அப்படியே தொடர்கிறேன்.

வரவுசெலவு:
சரி, அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். கட்டடம் கட்டும்போது கடன் வட்டியைக் கட்டடத்தின் அடக்கத்திலேயே சேர்க்கிறோம். அந்த வட்டி செலவாகவே வராது. அதைக் கட்டியது ஃபைனான்சிங்கா, இன்வெஸ்டிங்கா?

ஐந்தொகை:
தற்போதைய IAS 7-இல் இதற்கு நேரான பதில் இல்லை. கட்டடத்துக்காகப் போன பணம், அதனால் அதுவும் இன்வெஸ்டிங் என்பவர்கள் உண்டு. சொத்தாக மாறும் செலவு மட்டுமே இன்வெஸ்டிங் என்ற வாசகம் அவர்களுக்குத் துணை. அமெரிக்க முறையிலும் அது கட்டடத்தோடு இன்வெஸ்டிங்கில்தான் போகிறது. கடன் கொடுத்தவருக்குப் போன பணம்தானே, மற்ற வட்டியோடு ஒரே இடத்தில் இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம், ஏனென்றால் கட்டிய வட்டி மொத்தம் எவ்வளவு என்று ஒரே வரியில் தெரிகிறது. ஆனால் இரண்டு விதமாகவும் தணிக்கையாளர்கள் ஒப்புக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

பயணவண்டி:
எங்கள் தணிக்கையாளர் வண்டிப் பணத்தை இன்வெஸ்டிங்கில்தான் போடச் சொன்னார். வண்டி வாங்கிய பணத்தை ஆபரேட்டிங்குக்கு மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. நாளைக்குக் கேட்டுவிட்டு வருகிறேன்.