பெரியவங்க ரிமோட்டில் ஸ்டிக்கர்: உங்க வீட்ல எது நின்னது?

மருமகள்:
என் மாமியாருக்குக் கண் மங்கல். எழுத்தைப் படிக்காம, தடவிப் பார்த்துத்தான் பட்டன் அழுத்துவாங்க. டிவிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒண்ணு. சத்தத்தைக் குறைக்கப் போய் டிவி ரிமோட்ல சோர்ஸ் பட்டனை அழுத்திடுவாங்க. திரை கருத்து, No Signalனு வந்து நிக்கும். நாங்க யாராவது வீடு திரும்புற வரைக்கும் அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் பக்கத்துல உக்காந்து அவங்க எதைத்தான் தேடுறாங்கன்னு பார்த்தேன். ஆன்-ஆஃப், சத்தம், சேனல், இவ்வளவுதான். அதுக்கு மட்டும் வண்ண வட்ட ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி, அதே வண்ணத்தை ஒரு தாள்ல பெருசா வரைஞ்சு பக்கத்துல எழுதிக் கொடுத்தேன். தாள் நல்லா உதவுது. ஆனா ரப்பர் பட்டன் மேல ஒட்டினதெல்லாம் உரிஞ்சு உரிஞ்சு வருது. உங்களுக்கெல்லாம் எப்படி?

கடைக்குட்டி:
நெயில் பாலிஷ் வைங்க அக்கா. எங்க அப்பா ரிமோட்ல ஆன் பட்டனுக்குச் சிவப்பு வச்சேன், இன்னும் போகலை.

ரிமோட் பழுது பார்ப்பவர்:
தம்பி சொல்றது கெட்டி பிளாஸ்டிக் பட்டனுக்குச் சரி. மெத்துனு அமுங்குற பட்டன் பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பர். அது மேல சாதாரணப் பசையும் பிடிக்காது, பாலிஷும் நிக்காது. அழுத்த அழுத்த செதிலா உதிரும். விரல் எண்ணெய் ஏற ஏற இன்னும் மோசம்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஸ்டிக்கரைப் பட்டன் மேல ஒட்டாம, பட்டனுக்குப் பக்கத்துல கெட்டியான உடம்புல ஒட்டுறது. முதல்ல பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு அந்த இடத்தைத் துடைச்சுக் காயவிட்டு ஒட்டினா நிக்கும். இன்னொண்ணு, தடவிப் பார்க்கிறவங்களுக்கு: சிலிக்கோன் சீலன்ட்ல குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சொட்டைப் பட்டன் நடுவுல வச்சு, ஒரு ராத்திரி தொடாம விடுங்க. சிலிக்கோன் மேல சிலிக்கோன் நல்லாப் பிடிக்கும்.

சொட்டோ ஸ்டிக்கரோ, பட்டனோட ஓரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா பட்டன் உள்ளேயே மாட்டிக்கும். சத்தம் தானா ஏறிக்கிட்டே போச்சுன்னா அதுதான் காரணம்னு முதல்ல பாருங்க. முன்பக்க முனையில இருக்கிற சின்ன பல்பை எதுவும் மறைக்கக் கூடாது.

பேரன்:
எங்க பாட்டிக்கு மொபைல்ல எழுத்தைப் பெருசாக்கித் தரணும். அதுக்கும் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

மருமகள்:
அது மொபைல் செட்டிங்ஸ்லயே இருக்கு தம்பி, இங்க டிவி ரிமோட் பேச்சு. அண்ணா, வண்ணத்துக்குப் பதிலா 1, 2, 3னு எண் ஒட்டலாமான்னு என் கணவர் கேக்குறார்.

ரிமோட் பழுது பார்ப்பவர்:
வேண்டாம்மா. ரிமோட்லயே 1, 2, 3 இருக்கு. தாள்ல "2 அழுத்தவும்"னு பார்த்தா அவங்க சேனல் எண்ணைத்தான் அழுத்துவாங்க. வட்டம், சதுரம், முக்கோணம்னு வடிவமும் சேர்த்துக் கொடுங்க. நீலத்தையும் பச்சையையும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க, வயசான கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியலாம். கறுப்பு ரிமோட்ல மஞ்சள் பளிச்னு இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
எனக்கே கண்புரை, அதனால பெரியவங்க பக்கமிருந்து சொல்றேன். தாளை லேமினேட் பண்ணாதீங்க. விளக்கு வெளிச்சம் பட்டு மின்னினா ஒரு எழுத்தும் தெரியாது. என் மகள் 18 புள்ளி எழுத்துல அச்சடிச்சுத் தந்தா, எனக்குப் போதலை. 28 ஆக்கின பிறகு கண்ணாடி போடாமலே படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை மட்டும்.

எனக்கு அதிகம் பயன்படுறது "படம் வரலைன்னா"ங்கிற பக்கம்தான். அதுல இப்படி இருக்கு: "பாக்ஸில் விளக்கு என்ன நிறம்? சிவப்பு என்றால் பாக்ஸ் ரிமோட்டில் மஞ்சள் வட்டம், ஒரே முறை. பச்சை என்றால் அதைத் தொடாதே. டிவி ரிமோட்டில் சதுரம் அழுத்து, பட்டியலில் HDMI 1 வரும்வரை கீழே போ, OK." முன்னாடி பதற்றத்துல ரெண்டு ரிமோட்லயும் ஆன் பட்டனை அழுத்துவேன், ஓடிக்கிட்டிருந்த ஒண்ணு அணைஞ்சு போகும், இன்னொண்ணு எரியும். உங்க பாக்ஸ்ல விளக்கு நிறம் வேற மாதிரி இருக்கலாம், பார்த்து எழுதுங்க.

கடைக்குட்டி:
பேசாம வேண்டாத பட்டனையெல்லாம் டேப் போட்டு மூடிட்டா? சோர்ஸையும் சேர்த்து.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
சோர்ஸை மூடிட்டா படம் போனா எப்படித் திரும்பக் கொண்டு வர்றது? எனக்கு அது திறந்தே இருக்கணும்.

மருமகள்:
எங்க மாமியார் அந்தப் பக்கத்தைப் பார்த்து அழுத்துவாங்களான்னு தெரியலை டீச்சர். அவங்களுக்கு மூடி வைக்கிறதே மேல்னு தோணுது. இந்த வாரம் டிவி ரிமோட்ல சோர்ஸ் மேல மட்டும் கெட்டி அட்டை வச்சு டேப் ஒட்டிப் பார்க்கிறேன். சத்தத்துக்குச் சீலன்ட் சொட்டு. அண்ணா, கூட்டுறதுக்கு ஒரு சொட்டு, குறைக்கிறதுக்கு ரெண்டுன்னு வைக்கலாமா, பட்டன் சின்னதாச்சே?

ரிமோட் பழுது பார்ப்பவர்:
ரெண்டு சொட்டு ஒண்ணாக் கலந்துடும். கூட்டுறதுக்கு மட்டும் வைங்க, குறைக்கிறதை வழுவழுப்பா விட்டுடுங்க.