ஒரே எடை, ஒரே நிறம், ஒரே கிளாரிட்டி: ஒரு கல் மட்டும் ஏன் சின்னதாகத் தெரிந்தது?

வசந்தி, மதுரை

மகள் நிச்சயதார்த்த மோதிரத்துக்காக தி.நகரில் வைரக் கல் பார்த்தோம். கடைக்காரர் இரண்டு கல்லை வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வட்டக் கல், 1.00 கேரட், நிறம் ஹெச், கிளாரிட்டி விஎஸ்2, இரண்டுக்கும் ஜிஐஏ லேபின் சர்டிபிகேட். விலை மட்டும் எழுபதாயிரம் வித்தியாசம்.

விலை குறைந்த கல் பார்த்தவுடனே சின்னதாகத் தெரிந்தது. "எடை ஒன்றுதானே?" என்று கேட்டதற்குத் தராசிலேயே போட்டுக் காட்டினார். இரண்டும் 1.00தான். அப்புறம் விளக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். சின்னக் கல்லின் நடுவில் வட்டமாக ஒரு இருட்டு, கல்லை எப்படித் திருப்பினாலும் அங்கேயே நின்றது. மற்றக் கல்லில் ஒளி நடுவரை வந்தது. கேட்டால் "கட் வித்தியாசம் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த டிரேயை எடுத்துவிட்டார்.

சர்டிபிகேட்டிலிருந்து குறித்துக்கொண்டு வந்தேன். பெரியது: 6.41 – 6.44 x 3.95 மிமீ, ஆழம் 61.5%, கட் எக்ஸலென்ட். சின்னது: 6.22 – 6.26 x 4.12 மிமீ, ஆழம் 66.0%, கட் குட், கிர்டில் என்கிற விளிம்பு திக். இது போல யாராவது பார்த்திருக்கிறீர்களா? அந்த எடை எங்கே போனது?

ராமநாதன், காரைக்குடி

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வைரம் வாங்குகிறோம், அதனால் சொல்கிறேன். கல்லுக்கு விலை கேரட்டை வைத்துத்தான். நிறமும் கிளாரிட்டியும் ஒன்று என்று லேபே எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு எழுபதாயிரம் ஏன் கூடக் கொடுக்க வேண்டும்? கிர்டில் திக்காக இருந்தால் கல்லின் ஓரம் உதிராது, அது நல்லதுதான்.

என் அனுபவம் ஒன்று. சென்ற ஆண்டு ஒரு கல்லை மாற்றப் போனேன். தட்டில் வைத்ததும் கடைக்காரர் கல்லைத் தொடவில்லை, சர்டிபிகேட்டைத்தான் கேட்டார். கொடுத்தேன், பத்து நிமிடத்தில் விலை பேசி முடிந்தது. அதே நேரத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாவிடம் சர்டிபிகேட் இல்லை, அவருடைய கல்லை அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சர்டிபிகேட்தான் விலை. விலை குறைந்த கல்லையே வாங்குங்கள்.

முரளி (மும்பையில் கல் பிரிக்கும் வேலை)

வசந்தி அம்மா, உங்கள் எண்களே பதில் சொல்கின்றன. எடை கல்லின் வயிற்றிலும் விளிம்பிலும் போயிருக்கிறது. மேலே இருந்து பார்க்கிற கண்ணுக்கு 6.24 மிமீ அகலம்தான் தெரியும். அது நன்றாக வெட்டிய 0.92 கேரட் கல்லின் அகலம். மீதி 0.08 கேரட், அதாவது எட்டு சென்ட் எடைக்கும் காசு கொடுக்கிறீர்கள், ஆனால் அது மோதிரத்துக்குள் போய்விடுகிறது. நடுவில் நின்ற இருட்டும் இதன் விளைவாகத்தான் இருக்கும். அடிப்பகுதி செங்குத்தாக இருந்தால் மேலிருந்து நுழைந்த ஒளி திரும்பி மேலே வராமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். சர்டிபிகேட்டின் பக்கவாட்டுப் படத்தில் அடிக்கோணம் போட்டிருக்கும். 41 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, 43ஐ நெருங்கினால் நீங்கள் பார்த்தது போலத்தான் ஆகும்.

ஏன் இப்படி வெட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது சூரத்தில் ஒரு பட்டறையில். பட்டை தீட்டாத கல்லை ஸ்கேன் செய்து திரையில் இரண்டு திட்டம் போட்டிருந்தார்கள். ஒன்று 0.92, கட் எக்ஸலென்ட். இன்னொன்று 1.00, கட் குட். விலைப்பட்டியலில் 0.90 முதல் 0.99 வரை ஒரு வரிசை, 1.00இல் இருந்து அடுத்த வரிசை. கேரட்டுக்கான விலை அந்த இடத்தில் ஒரே தாவலாக ஏறும். கணக்குக்காக, முதல் வரிசை கேரட்டுக்கு 4,000 டாலர், அடுத்தது 5,000 என்று வையுங்கள். 0.92 கல் 3,680க்குப் போகும். 1.00 கல்லுக்குச் சுமாரான கட் என்று 15 சதவீதம் கழித்தாலும் 4,250 வரும். திட்டம் போடுகிறவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, 1.00ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். அந்தத் திரையை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு நல்ல கல் அங்கேயே மங்கிப்போனது.

ராமநாதன் சார், நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். எடையை வைத்துத்தான் விலை தொடங்கும். ஆனால் ஜிஐஏ சர்டிபிகேட்டில் விலை என்று ஒரு வரியே கிடையாது. கல் இன்னது என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். அந்தத் தாளில் கட் குட் என்றும் எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எழுபதாயிரம் குறைத்தார்கள். நீங்கள் திருப்பிக் கொடுக்கும்போதும் அதையே பார்த்துக் குறைப்பார்கள். கிர்டில் ரொம்ப மெல்லியதாக இருந்தால் உதிரும் என்பது சரி, ஆனால் மீடியமே அதற்குப் போதும்.

மீனாட்சி, சென்னை

எனக்கு வேறு அனுபவம். அம்மாவிடமிருந்து வந்த ஏழுகல் தோடு, மூடின கட்டு. ப்ளூ ஜாகர் கல் என்று பாட்டி காலத்திலிருந்து பேச்சு. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த நீலம் பாய்ந்த கல் என்று மாமா விளக்குவார். விற்கலாம் என்று இரண்டு கடைக்குப் போனபோது ஒருவர் சொன்ன விலை மற்றவர் சொன்னதில் பாதிதான். சர்டிபிகேட் இல்லையே என்றார்கள்.

கட்டிலிருந்து கழற்றித்தான் லேபுக்குக் கொடுக்க வேண்டும் என்றதால் ஆசாரியிடம் போனோம். முதல் கல்லின் அடியிலிருந்த தகட்டை எடுத்து, கல்லை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தார். இவ்வளவு நாள் வெள்ளையாகப் பார்த்த கல்லில் லேசான மஞ்சள். தகடு அதை மறைத்திருக்கிறது. அப்புறம் விளக்கை அணைத்து ஒரு ஊதா டார்ச்சை அடித்தார். ஏழு கல்லில் ஆறு வானநீலமாக எரிந்தன, ஒன்று மட்டும் இருட்டாகவே இருந்தது. அந்த ஒரு கல் எப்போதோ மாற்றிய கல்லாக இருக்கலாம் என்றார். அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது.

ரிப்போர்ட்டில் நிறம் ஜே என்று வந்தது, மஞ்சளே இல்லாத டியிலிருந்து ஆறு படி கீழே. டார்ச்சில் எரிந்த அந்த நீலத்தை ஃப்ளோரசன்ஸ் ஸ்ட்ராங் ப்ளூ என்று எழுதியிருந்தார்கள். மாமா எதிர்பார்த்த விலை வரவில்லை. ஆனால் பழைய இரண்டு கடைக்கும் அந்தத் தாளோடு போனபோது இருவரும் கிட்டத்தட்ட ஒரே விலை சொன்னார்கள். பழைய கட்டிங் என்று இருவரும் குறைத்தார்கள். ஜாகர் என்பதற்கு யாரும் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை, சுரங்கத்தின் பெயர் ரிப்போர்ட்டில் வராதாமே. அது நியாயமா என்று இன்னும் வீட்டில் பேச்சு ஓயவில்லை.

செல்வம், கோவை

ஃப்ளோரசன்ஸ் என்று எழுதியிருந்தாலே தொடாதீர்கள். வெயிலில் கல் பால் ஊற்றியது போல் ஆகிவிடும்.

அதைவிட முக்கியம், சர்டிபிகேட்டை நம்பி உட்காராதீர்கள். மைத்துனர் வெளியூரில் ஒரு கல் வாங்கினார். லூப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தால் கிர்டிலில் எண் தெளிவாகப் பொறித்திருந்தது, ஜிஐஏ தளத்தில் Report Check பக்கத்தில் போட்டால் அதே எடை, அதே நிறம். எல்லாம் சரி என்று இருந்தோம். நான்தான் லூப்பை வாங்கி ரிப்போர்ட்டில் வரைந்திருந்த படத்தோடு ஒப்பிட்டேன். படத்தில் கல்லுக்குள் இருக்கும் குறைகளாக மேல்தளத்தின் ஓரமாக ஒரு சிறு படிகமும் கீற்றும் போட்டிருந்தார்கள். கல்லில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. வேறு லேபில் சோதித்தபோது ஆய்வகத்தில் வளர்த்த கல் என்று வந்தது. இயற்கைக் கல்லின் எண்ணைப் பொறித்து வந்த செயற்கைக் கற்களைக் கண்டுபிடித்ததாக ஜிஐஏவே வெளியிட்டிருக்கிறது.

அதனால் எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. கல்லை உதிரியாக வாங்குங்கள், கட்டியபின் வாங்காதீர்கள், கட்டிவிட்டால் எடை போட முடியாது. எடையைக் கடைசிச் சென்ட் வரை பாருங்கள். அகலத்தையும் ஆழத்தையும் கேஜில் அளக்கச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். குறைகளை வரைந்த படம் உள்ள முழு ரிப்போர்ட்டாக இருந்தால் கேட்டு வாங்குங்கள், டோசியர் என்ற சின்ன ரிப்போர்ட்டில் அந்தப் படம் இருக்காது. எந்த லேப் என்பதையும் பாருங்கள். ஈஜிஎல் என்ற பெயரில் வந்த ரிப்போர்ட்டுகளின் தரம் தாராளமாக இருக்கிறது என்ற புகாரில், 2014இல் ராப்நெட் சந்தைத் தளம் அவற்றைப் பட்டியலிடுவதையே நிறுத்திவிட்டது. ஒரு லேப் ஜி என்று எழுதியதை இன்னொரு லேப் ஐ என்று எழுதினால் அந்த இரண்டு படியின் காசும் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

முரளி

செல்வம் சார், அளந்து பார்ப்பது பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஃப்ளோரசன்ஸ் விஷயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன். பால் போல மங்குகிற கல் உண்டு, ஆனால் அது குறைவு. டி, இ, எஃப் நிறத்தில் ஸ்ட்ராங் என்று இருந்தால் சந்தையில் நன்றாகவே கழிப்பார்கள். ஐ, ஜே நிறத்தில் அதே நீலம் மஞ்சளைக் கொஞ்சம் அடக்கும், பகல் வெளிச்சத்தில் கல் ஒரு படி வெளுப்பாகக்கூடத் தெரியும். மீனாட்சி அக்காவின் பாட்டி அந்தக் கல்லை விரும்பியதில் காரணம் இருக்கிறது. வாங்கும் முன் ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பாருங்கள், மங்கலாக இருந்தால் விடுங்கள்.

ஜாகருக்குத் தனி விலை வேண்டுமா என்பதில் எங்கள் சந்தையிலேயே ஒத்த கருத்து கிடையாது. சென்னையில் சில பழைய வியாபாரிகள் கண்ணால் பார்த்தே கூடக் கொடுப்பார்கள், மும்பையில் கொடுக்க மாட்டார்கள்.

ராமநாதன், காரைக்குடி

கட் தரத்தை வைத்துத் திரும்ப வாங்கும்போது குறைப்பார்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் வாங்கும்போதே எழுபதாயிரம் குறைத்துத்தானே கொடுத்திருக்கிறார்கள்? பிறகு நஷ்டம் எங்கே வந்தது?

வசந்தி, மதுரை

கடையில் கேட்டு மறுபடி சர்டிபிகேட் படத்தை அனுப்பச் சொன்னேன். சின்னக் கல்லின் அடிக்கோணம் 42.8, பெரியதில் 40.8. முரளி தம்பி சொன்னதுபோல 0.92 எக்ஸலென்ட் இருக்கிறதா என்றும் கேட்டேன். ஹெச், விஎஸ்2இலேயே ஒன்று இருக்கிறதாம், 6.23 – 6.26 மிமீ. அந்த ஆழமான 1.00 கல்லை விடவும் விலை குறைவு.

ராமநாதன் அண்ணா, விலை சரியாகக் குறைத்திருக்கலாம். அந்த இருட்டுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மகள் 0.92 போதும் என்கிறாள், சம்பந்தி வீட்டில் முழு ஒரு கேரட் என்று பேச்சு போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை மூன்றையும் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்க்கப் போகிறோம். ஒன்று கேட்க வேண்டும்: மஞ்சள் தங்கத்தில்தான் கட்டப்போகிறோம், அதற்கு ஹெச் நிறமே தேவையா, ஐ போதுமா?

மீனாட்சி, சென்னை

ஐ போதும் என்றுதான் எங்கள் ஆசாரி சொன்னார். ஆனால் கல்லைப் பிடிக்கும் கொக்கிகளை வெள்ளைத் தங்கத்தில் போடச் சொல்லுங்கள்.