நாலு விரல் இடத்தில் உப்புப் பிடித்த நட்டு: ஃபிளஷ் டேங்க் வால்வைக் கழற்றிய அனுபவங்கள்

தாம்பரத்துக்காரி

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். வாளியை நாலு நாள் தேய்க்காமல் விட்டால் வெள்ளை வளையம் விழுந்துவிடும். அந்த உப்பு வெஸ்டர்ன் டாய்லெட் டேங்கின் ஃபில் வால்வுக்குள்ளும் கட்டிவிட்டது. மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தாலும் தண்ணீர் நிற்கவில்லை. புது வால்வு வாங்கி வந்துவிட்டேன். பழையதைக் கழற்ற முடியாமல்தான் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு இருக்கிறேன்.

டேங்க் பீங்கான், கமோடின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வகை. வால்வின் கால் டேங்கின் அடியில் இடது ஓரமாக வெளியே வருகிறது. அந்த இடத்துக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம்தான். கை உள்ளே போகிறது. போன பிறகு மணிக்கட்டைத் திருப்ப வழியில்லை. ஸ்பேனர் மாட்டினால் கடிகாரத்தில் பெரிய முள் ஐந்து நிமிடம் நகரும் தூரம் ஆடும், அப்புறம் சுவரில் முட்டும்.

கீழே இருக்கும் கனெக்‌ஷன் பைப்பின் நட்டு எளிதாக வந்துவிட்டது. அதற்கு மேலே, பீங்கானை ஒட்டி இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் நட்டு அசையவில்லை. நேற்று ஒரு முறை 'கிறீச்' என்று நகர்ந்தது. சந்தோஷப்பட்டு மூடியைத் திறந்து பார்த்தால், நட்டோடு சேர்ந்து உள்ளே வால்வு முழுவதும் திரும்பியிருக்கிறது, மிதவை டேங்கின் சுவரில் இடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த மாதிரி இடத்தில் நட்டைக் கழற்றியவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

சேலத்துத் தம்பி

அக்கா, எங்கள் வீட்டிலும் இதே உப்புதான். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை நட்டின் மேல் ஊற்றி அரை மணி நேரம் விட்டேன். நுரை பொங்கி உப்பு கரைந்தது. அப்புறம் கையாலேயே கழன்றது. அதைச் செய்யுங்கள்.

பெரியகுளம் வாத்தியார்

எங்கள் வீட்டில் பட்டனை அழுத்தாமலே கமோடுக்குள் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. டேங்கின் நடுவில் பெரிய நட்டு ஒன்று இருக்கும். அதைக் கழற்ற டேங்கையே கமோடிலிருந்து தூக்கினால்தான் வழி. உள்ளே இருந்த ரப்பர் வாஷரை மாற்றியதும் சரியாகிவிட்டது. நீங்களும் டேங்கைத் தூக்கிவிடுங்கள் அம்மா.

திருச்சி பிளம்பர்

வாத்தியார் சார், நீங்கள் சொல்வது தண்ணீரை வெளியே விடும் வால்வு. அவர் கேட்பது தண்ணீர் உள்ளே வரும் வால்வு. அதற்கு டேங்கைத் தூக்க வேண்டியதில்லை. பழைய டேங்கைத் தூக்கினால் அடியில் இருக்கும் போல்ட்டுகளும் துருப்பிடித்துக் கிடக்கும். ஒரு நட்டுக்காக இன்னும் இரண்டோடு மல்லுக்கு நிற்க வேண்டி வரும்.

தங்கச்சி, நீங்கள் சொன்னதில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. நட்டும் வால்வும் சேர்ந்து திரும்பியது என்றால் நட்டு பீங்கானில் ஒட்டவில்லை, மரையில்தான் பிடித்திருக்கிறது. உள்ளே யாராவது வால்வின் அடிப்பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் பகுதியைப் பிடித்தால் ஒடிந்துவிடும். பழைய வால்வு போனால் போகட்டும் என்று நினைக்கக் கூடாது. மேலே ஒடிந்துவிட்டால் உள்ளே பிடிக்க எதுவும் மிஞ்சாது, நட்டு சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, எந்தப் பக்கம் திருப்புவது. வேலை பழகுகிற பையன்கள்கூட இதில் தவறுவார்கள். படுத்துக்கொண்டு கீழிருந்து நட்டைப் பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ஆனால் நீங்கள் கமோடின் முன்னால் உட்கார்ந்து, பார்க்காமல் கையை உள்ளே விடுகிறீர்கள். அப்போது குழப்பம் வரும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் நட்டில் உங்கள் பக்கம் இருக்கும் முகம் உங்கள் இடது கைப் பக்கமாக நகர வேண்டும். இதை மட்டும் நினைவில் வையுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கிக்கொண்டே போனால் பீங்கான் விரிசல் விடும். அதற்கு ஒட்டு கிடையாது, டேங்கையே மாற்ற வேண்டியதுதான்.

ஆசிட் வேண்டாம். அது உப்பைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் கீழே ஆங்கிள் காக்கின் மேல் சொட்டினால் பளபளப்புப் போய் பித்தளை அரித்துவிடும். அந்தச் சின்ன அறையில் முகத்தைத் தரையோடு வைத்துக்கொண்டு அந்தப் புகையைக் குடிப்பதும் நல்லதில்லை. கடையில் விற்கும் சாதாரண வினிகரில் பழைய பருத்தித் துணியை நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டி, மேலே பாலிதீன் பையைச் சுற்றி இரவு முழுக்க விடுங்கள். மெதுவாகத்தான் கரைக்கும், ஆனால் மரைக்குள் இறங்க நேரம் கிடைக்கும்.

நாகர்கோவில் ரிட்டயர்ட்

எங்கள் வீட்டில் பழைய இந்தியன் டாய்லெட், சுவரில் உயரத்தில் மாட்டிய பிளாஸ்டிக் டேங்க். வால்வு பக்கவாட்டில் நுழையும். நட்டுக்கும் மூலைச் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் போகாது. நான் நட்டோடு சண்டை போடவில்லை. தண்ணீரை மூடி, டேங்கைக் காலி செய்து, பைப்பைக் கழற்றிவிட்டு டேங்கையே சுவரிலிருந்து இறக்கி முற்றத்தில் வைத்துக் கழற்றினேன். வெளிச்சமும் கிடைத்தது, இரண்டு கைகளும் கிடைத்தன. உங்கள் டேங்க் அப்படி இறங்காது என்று தெரிகிறது. பிளாஸ்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் பயன்படட்டும் என்று எழுதினேன்.

சேலத்துத் தம்பி

பிளம்பர் அண்ணா, பைப் ரெஞ்ச் வைத்து ஒரே இழுப்பில் எடுத்துவிட முடியாதா?

திருச்சி பிளம்பர்

அதுதான் பிளாஸ்டிக் நட்டைக் கெடுக்கும். ரெஞ்ச் இரண்டு பக்கமும் நசுக்கும்போது நட்டு வட்டமாக இருக்காது, முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அப்போது உள்ளே இருக்கும் மரையை அது இன்னும் கெட்டியாகக் கவ்வும். எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு இறுகும். போதாததற்கு ரெஞ்சின் கைப்பிடிக்கு அங்கே இடமும் இல்லை.

இடம் இல்லாத இடத்தில் நான் செய்வது இது. நட்டின் விளிம்பில் பல்லோ இறக்கையோ இருக்கும். நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் ஓரத்தில் வைத்து, முன்னால் இருந்தபடி பின்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுவேன். மணிக்கட்டைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை, கை நேராக இருந்தால் போதும். தட்டு நட்டின் பக்கவாட்டில்தான் விழ வேண்டும். மேல் நோக்கித் தட்டினால் அடி பீங்கானுக்குப் போகும். பத்துத் தட்டுக்கும் நகரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். நட்டை அறுத்துவிடுங்கள்.

தாம்பரத்துக்காரி

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

வினிகர் துணியை இரவு கட்டிவிட்டுக் காலையில் அவிழ்த்தேன். வெளியே இருந்த வெள்ளை ஓடு ஈர சுண்ணாம்பு மாதிரி விரலோடு வந்தது. அப்போதுதான் நட்டின் இறக்கைகள் கண்ணுக்கே தெரிந்தன. டேங்கில் மிச்சம் இருந்த தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். என் மகன் உள்ளே வால்வின் அடியைப் பிளையரால் பிடித்துக்கொண்டான். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டினேன். நாலாவது தட்டில் ஒரு இறக்கை ஒடிந்து விழுந்தது. அடுத்ததும் அப்படியே. பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருந்தது. அத்தோடு தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு ஆக்ஸா பிளேடு. ஃபிரேமுக்கு இடமில்லை, வெறும் பிளேடுதான். பாதியாக ஒடித்து, கையில் பிடிக்கும் முனைக்குத் துணி சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். நட்டின் முன்முகத்தில் மேலிருந்து கீழாக, வால்வின் காலுக்கு இணையாகக் கோடு போடுகிற மாதிரி அறுத்தேன். ஒரு இழுப்புக்கு இரண்டு இஞ்சுகூட நகரவில்லை, ஆனால் பிளாஸ்டிக் என்பதால் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது. பிளேடின் மேல் ஓரம் பீங்கானைக் கீறாமல் இருக்க நடுவே பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைச் செருகி வைத்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது.

வெள்ளைத் தூளுக்கு நடுவே கறுப்பாக வால்வுக் காலின் மரை தெரிந்ததும் அறுப்பதை நிறுத்தினேன். அந்தப் பிளவில் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து முறுக்கினேன். 'டக்' என்று நட்டு விரிந்தது. இரண்டு விரலால் சுற்றியதுமே கீழே வந்துவிட்டது. உள்ளே மரை முழுவதும் கல்லுப்பு மாதிரி அடைத்துக்கொண்டு இருந்ததை அப்போது பார்த்தேன். வினிகர் மேல் இரண்டு சுற்று மரைக்குத்தான் போயிருக்கிறது.

பெரியகுளம் வாத்தியார்

நான் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னியுங்கள். ஒரு சந்தேகம். அறுக்கிறதுதான் என்றால் உள்ளே இருந்து வால்வையே அறுத்து எடுத்திருக்கலாமே? அங்கே கைக்கு நல்ல இடம் இருக்கிறதே.

திருச்சி பிளம்பர்

உள்ளே அறுத்தால் வால்வின் மேல் பாதிதான் வரும் சார். டேங்கின் தரையில் படிந்திருக்கும் அகலமான வளையமும் அதன் கீழே வாஷரும் அப்படியே இருக்கும், கீழே நட்டு அவற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வேலை குறையாது.

தங்கச்சி, நல்லபடியாக முடித்துவிட்டீர்கள். புது வால்வு மாட்டும்போது ரப்பர் வாஷர் டேங்கின் உள்பக்கம் வர வேண்டும். அது உட்காரும் இடத்தில் பழைய உப்பு மணல் மாதிரி ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துத் துடையுங்கள். நட்டைக் கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று. அது போதும். மரையில் டெஃப்லான் டேப் வேண்டாம், தண்ணீரை நிறுத்துவது வாஷர்தான்.

நாகர்கோவில் ரிட்டயர்ட்

இதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஒழுக்குக்காக இல்லை, அடுத்த முறை கழற்றுவதற்காக நான் இரண்டு சுற்று டேப் சுற்றிவிடுவேன். மரைக்குள் உப்பு இறங்க இடம் இருக்காது. எங்கள் டேங்கில் அப்படி மாட்டிய நட்டு ஆறு வருடம் கழித்துக் கையாலேயே வந்தது.

திருச்சி பிளம்பர்

உங்கள் ஊர்த் தண்ணீர் வேறு, தாம்பரத்துப் போர் தண்ணீர் வேறு ஐயா. அது தண்ணீரால் வந்ததா டேப்பால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? பிளாஸ்டிக் நட்டில் டேப் தடித்துவிட்டால் மரை பிசகி ஏறும் என்பதுதான் என் பயம்.

தாம்பரத்துக்காரி

நான் டேப் சுற்றாமல்தான் மாட்டினேன். டேங்க் நிரம்பியதும் நட்டைத் துடைத்துவிட்டு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் நட்டுக்கு நேர் கீழே தாள் காய்ந்திருந்தது. ஆனால் ஒரு ஓரத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். அது ஆங்கிள் காக்கின் கைப்பிடிப் பக்கத்திலிருந்து வருகிறது. இத்தனை வருடம் யாரும் மூடித் திறக்காத காக்கை இந்த மூன்று நாளில் பத்து முறை திருகியிருக்கிறேன். அதை மாற்ற மாடி டேங்கின் வால்வை மூட வேண்டும், வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.