கு.க. ஆபரேஷனுக்குப் பிறகு நாள் தள்ளிப்போனது: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

மழைத்துளி
இரண்டாவது சிசேரியனோடு சேர்த்தே எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டார்கள். ஆறு வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. போன மாதம் பீரியட்ஸ் தள்ளிப்போனது. அப்புறம் காப்பிப்பொடி நிறத்தில் கொஞ்சம் பட்டது, நாப்கினில் ஒரு கறை அளவுக்குத்தான். வழக்கமான போக்கு மாதிரியே இல்லை. இடது அடிவயிற்றில் விட்டுவிட்டுச் சுருக்கென்று ஒரு வலி. கார்டு டெஸ்ட் செய்து பார்த்தால் இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தது.

டாக்டர் ஸ்கேனில் பார்த்தார், கர்ப்பப்பை காலி. ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜி 980. “இந்த அளவில் நல்ல கர்ப்பமாக இருந்தாலும் ஸ்கேனில் தெரியாமல் போகலாம், ஆனால் நீங்கள் ஆபரேஷன் செய்தவர், கருக்குழாயில் கரு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு பார்ப்போம்” என்றார். 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தபோது 1240. கர்ப்பப்பையில் ஒழுங்காக வளரும் கரு என்றால் குறைந்தது 1460 பக்கம் வந்திருக்க வேண்டுமாம். கலைவதாக இருந்தால் இறங்கியிருக்கும். இரண்டும் இல்லை. அன்றைக்கு ஸ்கேனில் இடது சினைப்பைக்குப் பக்கத்தில் சின்ன வளையம் மாதிரி ஒன்று தெரிந்தது. லேப்ராஸ்கோப்பியில் அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள், வெடிப்பதற்கு முன்பே.

தென்றல்_அக்கா
கடவுளே! நல்லவேளை. ஆனால் எல்லாரும் பயப்பட வேண்டாம் தோழிகளே. ஆபரேஷன் செய்தவர்களுக்கு நாள் தள்ளிப்போனால் முக்கால்வாசி தைராய்டு, இல்லாவிட்டால் மாதவிடாய் நிற்கும் காலம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. டெஸ்டே எடுக்கவில்லை, இரண்டு மாதத்தில் தானாகச் சரியாகிவிட்டது.

வார்டு சிஸ்டர்
அக்கா, தைராய்டாக இருக்கலாம், நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதை யோசிப்பதற்கு முன்னால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நான் மகப்பேறு வார்டில் பல வருஷமாக இருக்கிறேன். வெட்டிக் கட்டிய குழாயின் முனைகள் சில பேருக்கு மெல்லிய வழியாக மறுபடி ஒட்டிக்கொள்ளும், அல்லது ஊசித்துளை மாதிரி ஓட்டை விழும். விந்தணு அதற்குள் புகுந்துவிடும். கருவான பிறகு அது பெரிசு, திரும்பிக் கர்ப்பப்பைக்கு வர முடியாது. அங்கேயே ஒட்டிக்கொண்டு வளரும்.

1996இல் வந்த அமெரிக்க ஆய்வில் ஆபரேஷன் செய்த 10,685 பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 143 பேருக்குக் கரு தங்கியது, அதில் 47 கர்ப்பப்பைக்கு வெளியே. மொத்தத்தில் ஆபரேஷன் கைவிடுவது அபூர்வம்தான். கைவிட்டுவிட்டால் மூன்றில் ஒன்று இப்படி. பல வருஷம் ஆகிவிட்டது என்பதும் பாதுகாப்பு இல்லை.

கண்ணாடி வளையல்
எனக்கு வேற மாதிரி. ஆபரேஷன் செய்துகொண்டது என் கணவர். எனக்கு நாள் தள்ளிப்போனால் இதே பயமா?

வார்டு சிஸ்டர்
உங்கள் குழாயில் யாரும் கை வைக்கவில்லையே, அதனால் அந்தக் கூடுதல் ஆபத்து உங்களுக்கு இல்லை. டெஸ்ட் மட்டும் எடுங்கள்.

நீலவானம்
எனக்கு மூன்று நாளாக வலி, ஆனால் கார்டு டெஸ்ட் நெகட்டிவ். அப்போ நிம்மதியாக இருக்கலாம்தானே?

வார்டு சிஸ்டர்
பெரும்பாலும் ஆமாம். ஆனால் சிறுநீர் நிறையத் தண்ணீராக இருந்தாலோ, சீக்கிரமே எடுத்துவிட்டாலோ ஏமாற்றும். வலி இருக்கிறதால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், ரத்த டெஸ்ட் கேளுங்கள், கு.க. ஆபரேஷன் ஆனதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, மலம் கழிக்க வேண்டும்போல அடியில் அழுத்தம், இதில் எது வந்தாலும் நேராக எமர்ஜென்சி. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து உதரவிதானத்தில் பட்டால்தான் தோள் வலிக்கும். வெளியே ரத்தம் அதிகம் போகாததால் ஏமாந்துவிடாதீர்கள்.

மழைத்துளி
எனக்குக் கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போடலாம் என்றும் சொன்னார்கள். எச்சிஜி குறைவு, வெடிக்கவில்லை, ஊசி ஒத்துவரும். ஆனால் எச்சிஜி பூஜ்யத்துக்கு வரும்வரை திரும்பத் திரும்ப ரத்தம் கொடுக்கவேண்டும், நடுவில் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. நான் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தேன். வலப்பக்கக் குழாயையும் சேர்த்தே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

தென்றல்_அக்கா
நல்லா இருக்கிற குழாயை எதற்கு எடுக்க வேண்டும்?

மழைத்துளி
அதுவும் அதே நாளில் கட்டிய குழாய்தானே அக்கா. இன்னொரு முறை இதே பயத்தில் உட்கார எனக்குத் தெம்பில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

நீலவானம்
ஆட்டோ வந்துவிட்டது, கிளம்புகிறேன். ரிசல்ட் வந்ததும் சொல்கிறேன்.