உற்பத்தி வேறு, விற்பனை வேறு: லாப வித்தியாசத்தில் 10,000 ரூபாய் இடிக்கிறது

வணக்கம். கடலூரில் ஒரு சின்ன மெழுகுவர்த்தி யூனிட்டுக்குக் கணக்கு பார்க்கிறேன். இந்த ஆண்டு லாபம் அப்சார்ப்ஷன் முறையில் 2,80,000, வேரியபிள் முறையில் 2,40,000. வித்தியாசம் 40,000.

உற்பத்தி 10,000 பெட்டி, விற்றது 9,000. ஓப்பனிங் ஸ்டாக் 2,000, குளோசிங் 3,000. ஃபேக்டரியின் நிலையான செலவு 3,00,000, அதாவது பெட்டிக்கு 30 ரூபாய். ஸ்டாக் மதிப்பு ஃபிஃபோ முறை.

கூடிய 1,000 பெட்டியை 30 ரூபாயால் பெருக்கினால் 30,000தான் வருகிறது. மீதி 10,000 எங்கே? மாறும் செலவு இரண்டு ஆண்டும் பெட்டிக்கு 70தான், அதில் பிழையில்லை. உண்மையான உற்பத்தியை வைத்தே வீதம் போட்டதால் குறை ஏற்பு, மிகை ஏற்பு எதுவும் கிடையாது. குடோனுக்கே போய்ப் பெட்டிகளை எண்ணிவிட்டேன், 3,000 சரியாக இருக்கிறது.

அப்புறம் பழைய ஸ்டாக் ரிஜிஸ்டரில் பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: போன ஆண்டு வீதம் 25. குளோசிங்கில் தங்கிய 90,000இலிருந்து ஓப்பனிங்கோடு வந்த 50,000ஐக் கழித்தால் 40,000 கச்சிதமாக வருகிறது. ஆனால் எங்கள் சீனியர், இரண்டுக்கும் ஒரே வீதம்தான் போட வேண்டும் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஃபிஃபோவில் ஒவ்வொரு ஸ்டாக்குக்கும் அந்தந்த ஆண்டு வீதத்தைப் போட்டு லாபத்தைச் சமன்செய்வது சரியான முறைதானா?