இன்டர்ன்ஷிப் கடைசி நாள்: மென்டருக்கும் டீமுக்கும் என்ன எழுதுவது?

எட்டாவது_செம்: வர்ற வெள்ளியோடு இன்டர்ன்ஷிப் முடியுது. மென்டர், மேனேஜர், டீமில் ஆறு பேர். விடைபெறும் மெயில் எப்படி இருந்தா நல்லது? அனுப்பியவர்கள், வாங்கியவர்கள் சொல்லுங்க.

ஓஎம்ஆர்_வாசி: ஒண்ணா எழுதாதீங்க. மென்டருக்குத் தனி மெயில், டீமுக்குத் தனி. வெள்ளி மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே அனுப்பிடுங்க. சில கம்பெனிகளில் லேப்டாப்பை ஒப்படைத்த கையோடு கணக்கையும் முடக்கிடுவாங்க. மாலை ஆறு மணிக்கு ஷெட்யூல் போட்டு வைத்த மெயில் அப்படியே நின்றுபோகும், வந்த பதிலையும் பார்க்க முடியாது.

மென்டருக்கு "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொல்லிக் கொடுத்ததில் இரண்டைப் பெயர் சொல்லி எழுதுங்க. மாதிரிக்கு:

"ஆர்டர் ரிப்போர்ட்டில் நள்ளிரவுக்கு மேல் வந்த ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் விழுந்தபோது, விடையைச் சொல்லாமல் 'சர்வர் எந்த நேரத்தில் ஓடுது, பார்' என்று மட்டும் சொன்னீங்க. UTC நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பதை நானே கண்டுபிடிக்க விட்டதற்கு நன்றி. ஒரு ஃபங்ஷன் இரண்டு வேலை பார்த்தால் பிரி என்று ரிவ்யூவில் எழுதியதை இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்."

இது போதும். வேலை வாங்கித் தரச் சொல்லும் வரியை இதே மெயிலில் ஒட்டாதீங்க. மேலே எழுதிய நன்றியே அதற்காகத்தான் என்று ஆகிடும். சொந்த மெயில் முகவரியைக் கடைசியில் போடுங்க, நிறைய பேர் மறந்துடறாங்க.

டீமுக்கு எட்டு வரிக்குள் முடிங்க. கம்பெனி முழுக்கப் போகும் குரூப் முகவரி வேண்டாம். பக்கத்து டீம் ஆட்களையும் சேர்ப்பதாக இருந்தால் BCC-யில் போடுங்க, இல்லாவிட்டால் "ஆல் த பெஸ்ட்" ரிப்ளை-ஆல் நாள் முழுக்க ஓடும்.

கணக்குப்புலி: அதே டீம் மெயிலில் ஹேண்டோவரையும் முடிச்சிடலாமே. கூகுள் ஷீட்டுக்கு எடிட் அக்சஸ் கொடுத்து லிங்க் ஒட்டினா வேலை தீர்ந்தது.

ஷெட்யூலர்: பாதிதான் சரி. லிங்க் டீம் மெயிலில் இருக்கட்டும், ஆனால் எடிட் அக்சஸ் போதாது. ஃபைல் இன்டர்ன் பெயரிலேயே இருக்கும். உரிமையை மாற்றாமல் கணக்கை டெலீட் செய்தால் ஃபைலும் அதோடு போகும். Share-க்குள் போய், வாங்கிக்கொள்பவர் பெயருக்கு எதிரே Transfer ownership கொடுக்கணும். ஷேர்டு டிரைவில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஃபைல் கம்பெனியுடையது.

அதற்கப்புறமும் ஒரு பொறி இருக்கு. காலை ஒன்பது மணிக்குத் தானாக ரிப்போர்ட் அனுப்பும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டை எடுத்துக்கங்க. அதன் ட்ரிகர், அதை உருவாக்கியவர் கணக்கில்தான் ஓடும். ஷீட்டைக் கைமாற்றினாலும் ட்ரிகர் கூடப் போகாது. கணக்கு முடங்கியதும் ரிப்போர்ட் நிற்கும். டீமில் யாருக்கும் எரர் மெயில்கூட வராது, ஏன்னா அந்த அறிவிப்பு போவதும் முடங்கிய கணக்குக்குத்தான். திங்களன்று யாராவது "ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டால்தான் விஷயமே தெரியும். அதனால் வாங்கிக்கொள்பவர் Extensions > Apps Script திறந்து, Triggers பக்கத்தில் தன் கணக்கில் புதிதாக ஒன்று உருவாக்கணும். பழையதை இன்டர்ன் அழிக்கணும், இல்லையென்றால் கணக்கு உயிரோடு இருக்கும்வரை ரிப்போர்ட் இரண்டு தடவை போகும். இதை வியாழனே செய்தால், வெள்ளி காலை ரிப்போர்ட் யார் பெயரில் வருது என்று பார்த்துக்கலாம். மெயிலில் "காலை ரிப்போர்ட் இனி இன்னார் கணக்கிலிருந்து வரும்" என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

மடிப்பாக்கம்: ரிலீவிங் லெட்டர் இல்லாமல் விடாதீங்க. என் தம்பிக்கு அதுக்கே பெரிய அலைச்சல், நோட்டீஸ் பீரியட் வேற.

ஓஎம்ஆர்_வாசி: அது நிரந்தர வேலைக்கு. இவருக்கு வேண்டியது இன்டர்ன்ஷிப் முடித்த சான்றிதழும், காலேஜ் ரிப்போர்ட்டில் கம்பெனி கையெழுத்தும். ரெண்டையும் கடைசி வாரத்துக்கு முன்னாடியே கேளுங்க, வழியனுப்பு மெயிலில் கேட்காதீங்க.

எட்டாவது_செம்: முதல் மாசம் வேலையே தராம உட்கார வைத்ததை எழுதலாமா? அடுத்த பேட்சுக்கு உதவுமே.

ஷெட்யூலர்: மென்டருக்கு மட்டும் எழுதலாம், யோசனையோடு: "முதல் வாரமே ஒரு சின்ன பக் கொடுத்தால் கோட்பேஸ் சீக்கிரம் பிடிபடும்."

ஓஎம்ஆர்_வாசி: எனக்கு இதில் உடன்பாடில்லை. எழுத்தில் வந்தால் மேனேஜருக்கு ஃபார்வர்டு ஆகும், பழி மென்டர் தலையில். கடைசி ஒன்-ஆன்-ஒன்னில் வாயால் சொல்லுங்க.

ஷெட்யூலர்: வாயால் சொன்னது அடுத்த பேட்ச் வர்றவரை யாருக்கு ஞாபகம் இருக்கும்?